ஆயிடையை நீட்டினால் மூலங்கள் குறையுமா? ஸ்டர்ம் சங்கிலியில் −1 வருகிறது

சல்லிக்கரை

p(x) = x^4 + x − 3 என்ற பல்லுறுப்பிக்கு ஸ்டர்ம் சங்கிலி கட்டி, ஒரு ஆயிடைக்குள் எத்தனை மெய் மூலங்கள் என்று எண்ணுகிறேன். V(a) − V(b) தான் விடை. V என்பது அந்தப் புள்ளியில் சங்கிலியின் குறி எத்தனை முறை மாறுகிறது என்பது. எனக்குக் கிடைத்தவை:

```
(0, 2]   ->  1
(0, 5]   -> -1
(-2, 2]  ->  2
(-2, 5]  ->  0
```

p(0) = −3, p(2) = 15. ஆகவே (0, 2] இல் ஒன்று இருப்பது உறுதி. அதே ஆயிடையை 5 வரை நீட்டியதும் −1 ஆகிறது. இருந்த மூலம் எங்கே போனது?

பின்னங்கள் பெருகுவதைத் தவிர்க்க நிறைவெண்ணிலேயே வகுக்கிறேன். வகுக்கும் ஒவ்வொரு அடியிலும் வகுப்பானின் முதற்குணகத்தால் முழுவதையும் பெருக்கிவிட்டுக் கழிக்கிறேன்:

```python
def prem(f, g):
    f = f[:]
    while len(f) >= len(g):
        a = f[0]
        f = [g[0]*x for x in f]
        for i, y in enumerate(g):
            f[i] -= a*y
        f.pop(0)
    while f and f[0] == 0:
        f.pop(0)
    return f
```

வரும் மீதியின் குறியை மாற்றி, குணகங்களின் பொ.கா.பெ.யால் வகுத்துச் சங்கிலியில் சேர்க்கிறேன். கிடைத்த சங்கிலி இது:

```
p0 = x^4 + x - 3
p1 = 4x^3 + 1
p2 = -x + 4
p3 = 257   (வகுத்தபின் 1)
```

இதே நிரலை x^3 − 3x + 1, x^5 − 5x + 1, x^4 − 4x^2 + x + 1 மூன்றிலும் பல ஆயிடைகளில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. இந்த ஒன்றில் மட்டும் ஏன்?

நிலாவெளி_வடக்கு

சங்கிலியில் பிழை இருக்காது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. p(a), p(b) இரண்டும் எதிர்க்குறி என்றால் இடையில் உள்ள மூலங்கள் ஒற்றை எண்ணிக்கை, ஒரே குறி என்றால் இரட்டை எண்ணிக்கை. (0, 5] இல் p(0) = −3, p(5) = 627. ஒற்றை வரவேண்டும். −1 ஒற்றைதான். (−2, 5] இல் p(−2) = 11, p(5) = 627. இரட்டை வரவேண்டும். 0 இரட்டைதான். நான்கு விடைகளும் இந்தச் சோதனையில் தேறுகின்றன. சங்கிலி கெட்டிருந்தால் ஒன்றாவது மாட்டியிருக்கும்.

ஆகவே பெறுமானம் காணும் இடத்தில் அல்லது குறி மாற்றம் எண்ணும் இடத்தில்தான் கோளாறு. பூச்சியத்தைக் குறியாக எண்ணுகிறீர்களா என்று பாருங்கள்.

சல்லிக்கரை

பூச்சியங்களை நீக்கிவிட்டுத்தான் எண்ணுகிறேன். அதோடு இந்த நான்கு ஆயிடைகளின் முனைகளிலும் சங்கிலியில் எதுவும் பூச்சியமாகவில்லை. 5 இல் கையால் போட்டேன்: 627, 501, −1, 257. குறிகள் + + − +. V(5) = 2. 0 இல் −3, 1, 4, 257. − + + +. V(0) = 1. நிரலும் இதையே சொல்கிறது.

கன்னியா7

இந்த ஒன்றுக்காகச் சங்கிலியே வேண்டியதில்லை. தேக்காட்டின் குறி விதி போதும். x^4 + x − 3 இன் குணகங்களில் குறி ஒரு தடவைதான் மாறுகிறது, ஆகவே நேர் மூலம் சரியாக ஒன்று. x இற்குப் பதில் −x போட்டால் x^4 − x − 3, அதிலும் ஒரு மாற்றம், ஆகவே மறை மூலமும் ஒன்று. மொத்தம் இரண்டு. (0, 5] இற்கு 1, (−2, 5] இற்கு 2. முடிந்தது.

உவர்மலை

கன்னியா7 சொன்ன விடைகள் சரி. ஆனால் அது இந்தப் பல்லுறுப்பியின் தயவு. மாற்றம் 0 அல்லது 1 என்றால்தான் அந்த விதி திட்டமாகப் பேசும். இரண்டு என்றால் "இரண்டு அல்லது ஒன்றுமில்லை" என்று நழுவிவிடும். அதோடு அது எண்ணுவது முழு நேர்ப்பக்கத்தை. இங்கே (0, 5] இற்குள் ஒன்று என்று நீங்கள் எழுதியதற்கு p(5) நேர் என்பதையும் சேர்த்துக்கொண்டீர்கள். எனினும் சல்லிக்கரைக்கு இது இலவசமாகக் கிடைத்த சரிபார்ப்பு.

இப்போது கோளாறுக்கு வருவோம். கெட்டது சங்கிலிதான். p3 ஆனது −257 ஆக இருக்கவேண்டும். வகுத்தே பாருங்கள். p1 ஐ (4 − x) ஆல் வகுத்தால் மீதி என்பது x = 4 இல் p1 இன் பெறுமானம், அதாவது 4·64 + 1 = 257. அதன் குறியை மாற்றினால் −257. உங்கள் prem கொடுத்ததோ −257, குறி மாற்றியதும் +257 ஆகிவிட்டது.

prem ஏன் எதிர்க்குறியில் கொடுத்தது? நீங்கள் ஒவ்வொரு அடியிலும் வகுப்பானின் முதற்குணகத்தால் பெருக்குகிறீர்கள். படி 3 உள்ளதைப் படி 1 உள்ளதால் வகுக்கும்போது சுற்று மூன்று தடவை ஓடும். முதற்குணகம் −1. ஆகவே உண்மையான மீதி (−1)^3 ஆல் பெருக்கப்பட்டு வெளியே வருகிறது. மற்ற மூன்று பல்லுறுப்பிகளிலும் இது தெரியாமல் போனதற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. பொதுவாகச் சங்கிலியில் படி ஒவ்வொன்றாகத்தான் இறங்கும். அப்போது சுற்று இரண்டு தடவை ஓடும், முதற்குணகத்தின் வர்க்கத்தால் பெருக்குகிறீர்கள், வர்க்கம் எப்போதும் நேர். முதற்குணகம் மறையாக இருந்தாலும் தப்பிவிடுவீர்கள். படி இரண்டு இரண்டாக, நான்கு நான்காக இறங்கும் இடத்தில், அங்கே வகுப்பானின் முதற்குணகமும் மறையாக இருந்தால் மட்டும் குறி கவிழும். x^5 − 5x + 1 இல் 4 இலிருந்து 1 இற்கு விழுகிறது. அங்கே சுற்று நான்கு தடவை, அதோடு p2 = 4x − 1, முதற்குணகம் நேர். இரட்டைப் பாதுகாப்பு. நீங்கள் அதைச் சோதனைக்கு எடுத்ததில் பயனில்லை.

x^n + ax + b என்ற வடிவத்தையே எடுத்துக்கொண்டால், n ஆனது 4 அல்லது அதற்கு மேற்பட்ட இரட்டை எண், a நேர் என்றால் உங்கள் நிரல் கவிழும். மற்ற நேரங்களில் கவிழாது. x^4 − x − 3 ஐப் போட்டிருந்தால் சரியான விடை வந்து, நிரல் சரி என்று நம்பியிருப்பீர்கள்.

சல்லிக்கரை

p3 இன் குறி பிழை என்பது விளங்கிவிட்டது. ஆனால் பிழையான சங்கிலியே (0, 2] இற்கும் (−2, 2] இற்கும் சரியான விடை தந்ததே, அது எப்படி? அதோடு நிலாவெளி சொன்ன ஒற்றை இரட்டைச் சோதனையும் தேறியதே.

உவர்மலை

சங்கிலி வேலை செய்வதற்கு என்ன தேவை என்று நினைத்துப் பாருங்கள். a இலிருந்து b நோக்கி x ஐ நகர்த்துகிறோம். p0 இன் மூலம் ஒன்றைத் தாண்டும்போது V ஒன்றால் குறையவேண்டும். மற்ற எந்த உறுப்பின் மூலத்தைத் தாண்டும்போதும் V மாறக்கூடாது. இரண்டாவதற்குக் காவல் ஒன்றே ஒன்று: p2 பூச்சியமாகும் இடத்தில் p1 உம் p3 உம் எதிரெதிர்க் குறியாக இருக்கவேண்டும். அப்படி இருந்தால் நடுவில் p2 எந்தக் குறியில் இருந்தாலும் அந்த மூன்றுக்குள் மாற்றம் சரியாக ஒன்று. மீதியின் குறியை நாம் மாற்றி எழுதுவதே இதற்காகத்தான்.

உங்கள் சங்கிலியில் p2 பூச்சியமாவது x = 4 இல். அங்கே p1 = 257, p3 = +257. காவல் உடைந்துவிட்டது. 4 இற்கு இடப்பக்கம் அந்த மூன்றின் குறிகள் + + +, மாற்றம் இல்லை. வலப்பக்கம் + − +, மாற்றம் இரண்டு. ஆகவே 4 ஐத் தாண்டியதும் V இரண்டால் கூடுகிறது. அதனால்தான் 4 ஐ உள்ளடக்காத (0, 2], (−2, 2] இரண்டும் சரி. 4 ஐ உள்ளடக்கியவை இரண்டும் சரியாக இரண்டு குறைவு: 1 இற்குப் பதில் −1, 2 இற்குப் பதில் 0. மூலம் எங்கும் போகவில்லை. p0 இற்குச் சம்பந்தமே இல்லாத 4 என்ற எண்ணில் விடை இடறுகிறது.

சங்கிலி நீளமாக இருந்தாலும் இந்தக் கோளாறு ஒரு இடத்திலேயே நிற்கும் என்பதைக் கவனியுங்கள். p3 கவிழ்ந்தால் p4 கவிழாது, ஏனென்றால் p2 ஐ p3 ஆல் வகுத்தாலும் −p3 ஆல் வகுத்தாலும் மீதி ஒன்றே. p5 கவிழும், p6 கவிழாது. p3 உம் p5 உம் சேர்ந்து கவிழ்வதால் p4 இன் மூலங்களில் காவல் அப்படியே இருக்கும். உடைவது p2 இன் மூலங்களில் மட்டும். அவை உங்கள் ஆயிடைக்கு வெளியே இருந்தால் வருடக்கணக்கில் தெரியாது.

நிலாவெளியின் சோதனை ஏன் பிடிக்கவில்லை என்பதும் இதிலிருந்தே வருகிறது. V ஒற்றையா இரட்டையா என்பதைச் சங்கிலியின் முதல் குறியும் கடைசிக் குறியுமே தீர்மானிக்கின்றன. நடுவில் உள்ளவை எப்படித் தாவினாலும் பரவாயில்லை. கடைசி உறுப்பு மாறிலி, a இலும் b இலும் அதே குறி, கழிக்கும்போது மறைந்துவிடும். எஞ்சுவது p0(a), p0(b) இரண்டின் குறிகள் மட்டும். அதாவது நடு உறுப்புகளில் குப்பையைப் போட்டாலும் அந்தச் சோதனை தேறும். அது p0 ஐத்தான் சோதிக்கிறது, சங்கிலியை அல்ல.

நிலாவெளி_வடக்கு

ஒப்புக்கொள்கிறேன், அந்த வகையில் யோசிக்கவில்லை. அப்படியென்றால் குறிச் சிக்கலே வராமல் ஒவ்வொரு மீதியையும் அதன் முதற்குணகத்தால் வகுத்து முதற்குணகம் 1 ஆக்கிவிட்டால் என்ன? வகுப்பான் எப்போதும் நேர் முதற்குணகத்தோடு இருக்கும். prem இல் கவிழ்வதற்கு இடமே இல்லை.

உவர்மலை

மறை எண்ணால் வகுத்தாலும் குறி கவிழும். இம்முறை prem உள்ளே கவிழாமல் நீங்களே கவிழ்க்கிறீர்கள். இதே பல்லுறுப்பியில் பாருங்கள். p2 = 4 − x ஆனது x − 4 ஆகிவிடும். p3 = −257 ஆனது 1 ஆகிவிடும். 0 இல் குறிகள் − + − +, V = 3. 5 இல் + + + +, V = 0. (0, 5] இற்கு விடை 3. இது −1 ஐவிட மோசம். −1 என்றால் யாரும் சந்தேகப்படுவார்கள். நான்காம் படிப் பல்லுறுப்பிக்கு மூன்று மூலம் என்றால் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே கன்னியா7 இன் குறி விதி இருந்தபடியால்தான் 3 பொய் என்று உடனே தெரிகிறது.

சங்கிலியின் எந்த உறுப்பையும் நேர் எண்ணால் எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம், வகுக்கலாம். மறை எண் ஒன்று நுழைந்தால் கணக்கு முடிந்தது. சல்லிக்கரை பொ.கா.பெ.யால் வகுப்பதில் பிழையில்லை, Python இன் `math.gcd` மறை எண் தராது. ஆனால் சில குறியீட்டுக் கணித நிரல்களில் பொதுக்காரணியை நீக்கும் கட்டளை கூடவே முதற்குணகத்தை நேராக்கியும் விடும். பொ.கா.பெ. காண மட்டும் என்றால் அது வசதி. இங்கே அது நஞ்சு.

திருத்தம் நான்கு வரிதான்:

```python
s = 1 if g[0] > 0 else -1
c = abs(g[0])
# சுற்றுக்குள்:
a = s*f[0]
f = [c*x for x in f]
```

கழிக்கும் வரி அப்படியே இருக்கட்டும். c·f[0] − s·f[0]·g[0] பூச்சியம் ஆவதால் முதல் உறுப்பு வழக்கம்போல் நீங்கும். பெருக்கப்படுவது c இன் அடுக்கு, எப்போதும் நேர்.

துறைமுகத்தான்

நான் வேற ஒரு கணக்கோட நிக்கிறன் அண்ணை, இதுக்குப் பக்கத்துக் கணக்குத்தான் எண்டு நினைக்கிறன். கோள வடிவ மிதவை, ஆரையை 1 எண்டு எடுத்தா, தண்ணிக்குள்ள தாழுற ஆழம் x இற்கு x^3 − 3x^2 + 4s = 0 எண்டு வரும். s எண்டது மிதவையின்ர சராசரி அடர்த்தியைக் கடல் தண்ணியின்ர அடர்த்தியால வகுத்தது. x 0 இற்கும் 2 இற்கும் இடையில வரவேணும். நியூட்டன் முறையைப் போட்டா ஆழம் வந்திரும், ஆனா s 1 இற்குக் கிட்டப் போகேக்க சிலவேளை 2 இற்கு மேல உள்ள மூலத்தில போய் ஒட்டுது. அதால முதல்ல (0, 2] இல மூலம் இருக்கோ எண்டு இந்தச் சங்கிலியால பாக்கிறன். s = 0.9999999 எண்டு போட்டா 0 எண்டு வருது. தசமத்திலதான் போடுறன், மீதி 0.00001 ஐ விடச் சின்னனா இருந்தா பூச்சியம் எண்டு எடுத்து நிப்பாட்டுறன். எனக்கும் இந்தக் குறிப் பிழைதானோ?

உவர்மலை

இல்லை, உங்களுடையது வேறு. உங்கள் சங்கிலி அழகானது, கையாலேயே போடலாம். p1 = 3x^2 − 6x. p0 ஐ அதால் வகுத்தால் மீதி −2x + 4s. குறியை மாற்றி, 2 ஆல் வகுத்தால் p2 = x − 2s. கடைசியாக p1 இல் x = 2s போட்டுக் குறியை மாற்றினால் p3 = 12s(1 − s). s ஆனது 0 இற்கும் 1 இற்கும் இடையில் என்றால் அது நேர்.

x = 0 இல் p0 = 4s, p1 = 0, p2 = −2s, p3 நேர். பூச்சியத்தை நீக்கினால் + − +, V = 2. x = 2 இல் p0 = 4s − 4 மறை, p1 = 0, p2 = 2 − 2s நேர், p3 நேர். − + +, V = 1. விடை 1. இரு முனையிலும் p1 பூச்சியமாகியும் கணக்குப் பிசகவில்லை.

s = 0.9999999 என்றால் p3 ஏறக்குறைய 0.0000012. உங்கள் எல்லை 0.00001. ஆகவே p3 ஐ நிரல் தூக்கி எறிந்துவிட்டது, சங்கிலி p2 உடன் நின்றுவிட்டது. இப்போது 0 இல் + −, V = 1. 2 இல் − +, V = 1. வித்தியாசம் 0. உண்மையில் மூலம் இருக்கிறது: 2 இற்கு அருகில் p0 ஏறக்குறைய 3h^2 − 0.0000004, h என்பது 2 இலிருந்து விலகல். ஆகவே மூலங்கள் 2 இற்கு இருபுறமும் 0.000365 தூரத்தில். ஒன்று 1.99963 இல் உள்ளே, மற்றது 2.00037 இல் வெளியே. உங்கள் நியூட்டன் போய் ஒட்டியது இந்த வெளியே உள்ளதில்தான்.

கடைசி மீதியைப் பூச்சியம் என்று எடுப்பது சிறு திருத்தம் அல்ல. "இந்தப் பல்லுறுப்பிக்கு இரட்டை மூலம் உண்டு" என்று நீங்கள் அறிவிப்பதற்குச் சமம். s = 1 இல் அது உண்மை, p0 = (x − 2)^2 (x + 1) ஆகிறது. 0.9999999 இல் உண்மையல்ல.

எல்லை வைப்பதை விட்டுவிட்டு விகிதமுறு எண்ணாகக் கொடுங்கள். `Fraction('0.9999999')` என்று மேற்கோளுக்குள் எழுதவேண்டும். மேற்கோள் இல்லாமல் எழுதினால் கணினி இரும எண்ணாக மாற்றியதை எடுத்துக்கொள்ளும், பகுதி எண் நீண்டு கிடக்கும். இல்லையென்றால் 10^7 ஆல் பெருக்கி 10000000x^3 − 30000000x^2 + 39999996 என்று நிறைவெண்ணாகவே சல்லிக்கரையின் திருத்திய நிரலில் போடலாம்.

துறைமுகத்தான்

விளங்குது. ஆனா s எண்டதே அளந்து எடுத்த எண் அண்ணை. மாரியில மகாவலித் தண்ணி கொட்டியாரக்குடாவுக்க இறங்கேக்க கடல் தண்ணியின்ர அடர்த்தி குறையும், s கூடும். 1 ஐத் தாண்டினா?

உவர்மலை

தாண்டினால் சங்கிலியே சொல்லும். s > 1 என்றால் p3 மறை. 0 இல் + − −, V = 1. 2 இல் p0 நேர், p2 மறை, p3 மறை: + − −, V = 1. விடை 0, அதாவது மிதவை தாழ்ந்துவிடும். அந்த 0 உண்மையான 0.

அளந்த எண் பற்றிய கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. மிதவையின் அடர்த்தி 1024, நீர் 1025 என்றால் s ஒன்றுக்குச் சற்றுக் கீழே. நீர் 1020 ஆனால் சற்று மேலே. s இன் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் தனித்தனியே எண்ணிப் பார்த்து, இரண்டும் ஒத்தால் ஏற்கலாம். இங்கே p3 இன் குறி s = 1 இல் ஒரு தடவைதான் மாறுகிறபடியால் அது போதும். குணகங்கள் நான்கைந்தும் அளந்தவை என்றால் அது போதாது.

கிண்ணியாப்பாலம்

எனக்கும் −1 வருகிறது, ஆனால் நான் ஆரம்பத்திலிருந்தே Fraction தான் பாவிக்கிறேன், prem இல்லை. (x − 2)^2 (x − 5)(x − 7) ஐ விரித்து, (2, 6] இல் எண்ணினேன். 5 உள்ளே இருக்கிறது, 1 வரவேண்டும். ஸ்டர்ம் தேற்றம் மடங்கு மூலங்களுக்கும் பொருந்தும், வேறுபட்ட மூலங்களை மட்டும் எண்ணும் என்றுதானே படித்தோம்?

நிலாவெளி_வடக்கு

மடங்கு மூலம் இருந்தால் ஸ்டர்ம் பாவிக்கவே கூடாது. முதலில் p0 ஐ p0, p1 இரண்டின் பொ.கா.பெ.யால் வகுத்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

உவர்மலை

கூடாது என்பது மிகை. மடங்கு மூலம் ஆயிடைக்கு உள்ளே இருந்தால் தொந்தரவில்லை. சங்கிலியின் எல்லா உறுப்பும் (x − 2) ஐப் பொதுக் காரணியாகக் கொண்டிருக்கும். x = 2 தவிர்ந்த எந்தப் புள்ளியிலும் அந்தக் காரணி எல்லாக் குறிகளையும் ஒன்றாக மாற்றும் அல்லது ஒன்றாக விட்டுவைக்கும், V மாறாது. (0, 6] இல் எண்ணிப் பாருங்கள், 2 உம் 5 உம் சேர்ந்து 2 வரும்.

கிண்ணியாப்பாலம் தடுக்கி விழுந்தது மடங்கு மூலத்தையே முனையாக எடுத்ததில். x = 2 இல் சங்கிலி முழுவதும் பூச்சியம். பூச்சியங்களை நீக்கினால் எஞ்சுவது எதுவுமில்லை, நிரல் V(2) = 0 என்று சொல்கிறது. உண்மையில் 2 இற்கு வலப்பக்கம் 5, 7 இரண்டும் இருப்பதால் அது 2 ஆக இருந்திருக்கவேண்டும். V(6) = 1. ஆகவே 0 − 1. நிலாவெளி சொன்னபடி பொ.கா.பெ.யால் வகுத்து (x − 2)(x − 5)(x − 7) இல் தொடங்கினால் சரியாகும். அப்போது 2 சாதாரண மூலம், p1 அங்கே பூச்சியமல்ல. சங்கிலியைத் திரும்பக் கட்டவும் தேவையில்லை, கட்டிய ஒவ்வொரு உறுப்பையும் கடைசி உறுப்பால் வகுத்தால் போதும்.

துறைமுகத்தானின் s = 1 இலும் இதேதான் நடக்கிறது, 2 இல் எல்லாம் பூச்சியம். அங்கே V(2) தற்செயலாக 0 ஆகவே இருக்கவேண்டியதாகையால் விடை சரியாக வருகிறது. அதை நம்பவேண்டாம்.

ஆகவே எண்ணிக்கை மறையாக வந்தால் முதலில் p0(a), p1(a) இரண்டையும் பாருங்கள், b இலும் பாருங்கள். ஏதாவது ஒரு முனையில் இரண்டும் சேர்ந்து பூச்சியம் என்றால் கிண்ணியாப்பாலத்தின் கோளாறு. இல்லையென்றால் சங்கிலியில் எங்கோ குறி கவிழ்ந்திருக்கிறது. அதைப் பிடிக்க, ஒவ்வொரு i இற்கும் Fraction இல் உண்மையான மீதியைக் கண்டு, அதன் முதற்குணகமும் p(i+1) இன் முதற்குணகமும் எதிர்க்குறியா என்று ஒப்பிடுங்கள்.

கன்னியா7

SymPy இன் `count_roots(2, 6)` இதற்கு 2 தருகிறதே?

உவர்மலை

அது இரு முனையையும் சேர்த்து எண்ணும், 2 உம் 5 உம். V(a) − V(b) எண்ணுவது a ஐ விட்டு b ஐச் சேர்த்து. மூலம் ஒன்று a இலேயே அமர்ந்திருந்தால் இரண்டும் ஒன்றால் வேறுபடும். ஒப்பிடும்போது இதை மறந்து, இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருக்கவேண்டாம்.

சல்லிக்கரை

திருத்திய நிரலில் p3 = −1 (வகுத்தபின்). விடைகள்:

```
(0, 2]   ->  1
(0, 5]   ->  1
(-2, 2]  ->  2
(-2, 5]  ->  2
```

சோதனைக்கு x^6 + x − 3, x^8 + 2x − 1 இரண்டையும் சேர்த்திருக்கிறேன். பழைய நிரல் இரண்டிலும் சறுக்குகிறது. முதலாவதில் p2 பூச்சியமாகும் இடம் 18/5, இரண்டாவதில் 4/7. ஆயிடை அந்தப் புள்ளியைத் தாண்டினால்தான் சறுக்கல் தெரிகிறது, உவர்மலை சொன்னபடியே.

இன்னொரு கேள்வி. படி 40 இற்கு மேல் போனால் ஒவ்வொரு படியிலும் பொ.கா.பெ. காண்பதே நேரத்தைத் தின்கிறது. காணாமல் விட்டால் குணகங்கள் வெடிக்கின்றன. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

உவர்மலை

துணிகோவைகளிலிருந்து கட்டும் ஸ்டர்ம்–ஹபிக்ட் சங்கிலியைப் பாருங்கள். வகுக்கவேண்டிய காரணி முன்கூட்டியே தெரியும், பொ.கா.பெ. காணத் தேவையில்லை. படி இடைவெளி விழும் இடத்தில் குறியைத் திருத்தும் காரணியும் அதில் கூடவே வரும், உங்களைக் கவிழ்த்த அதே இடத்தில். ஆனால் அந்தக் காரணியைப் பிழையாக எழுதினால் இந்த இழையை முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.

நிலாவெளி_வடக்கு

படி 40 இற்கு நான் சங்கிலியை விட்டுவிட்டு, ஆயிடையை (0, ∞) இற்கு உருமாற்றிக் குறி விதியைப் போட்டு, மாற்றம் 0 அல்லது 1 வரும்வரை இரண்டாகப் பிரித்துக்கொண்டே போவேன். பெரும்பாலும் அதுதான் விரைவு.

உவர்மலை

மூலங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் சரி. துறைமுகத்தானின் மிதவைபோல இரண்டு மூலம் 0.0007 தூரத்தில் இருந்தால் எத்தனை தடவை பிரிக்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

நிலாவெளி_வடக்கு

பத்துப் பன்னிரண்டு தடவை. அது ஒரு பெரிய விடயமா?